‘செய்யலாம்’ என்று எழுதினால் உரிமையாகிவிடும்: லீவு சுற்றறிக்கையைத் தமிழில் எழுதுவது எப்படி?

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒரு சுங்க முகவர் நிறுவனத்தில் நிர்வாகப் பிரிவில் வேலை பார்க்கிறேன். லீவுக்கும் ஒர்க் ஃப்ரம் ஹோமுக்கும் புது விதிகள் போட்டு, மும்பை தலைமை அலுவலகம் ஆங்கிலத்தில் ஆறு பக்கச் சுற்றறிக்கை அனுப்பியது. எங்கள் ஊழியர்களில் பாதிக்கு மேல் தமிழில் படித்தால்தான் வசதி என்பதால், மேனேஜர் என்னைத் தமிழில் போடச் சொன்னார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி எழுதி போர்டில் ஒட்டினேன். ‘பணியாளர்கள் வாரத்தில் இரண்டு நாட்கள் வரை வீட்டிலிருந்து பணியாற்ற அனுமதிக்கப்படலாம்’ என்ற வரியைப் பார்த்துவிட்டு மூன்று பேர் யாரையும் கேட்காமல் வீட்டிலிருந்தே வேலை பார்த்துவிட்டார்கள். அந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லை என்று எல்.ஓ.பி. போட்டதும் ‘நீங்கதானே மேடம் எழுதினீங்க’ என்று சண்டைக்கு வருகிறார்கள். மேனேஜரோ, ‘படிச்சா தலையும் புரியல வாலும் புரியல’ என்கிறார். எப்படித் திருத்துவது? — வாசகி, சென்னை-81

பதில்: சண்டையைக் கிளப்பிய வரியிலிருந்தே தொடங்குவோம். அகராதிப்படி அதில் பிழை இல்லை. ஆங்கிலத்தில் ‘மே பி பெர்மிட்டட்’ என்று இருந்திருக்கும், நீங்களும் ‘அனுமதிக்கப்படலாம்’ என்று போட்டுவிட்டீர்கள். சிக்கல் அந்த ‘லாம்’ என்ற முடிவில் இருக்கிறது. ‘நீங்க கிளம்பலாம்’ என்று மேனேஜர் சொன்னால் அனுமதி கிடைத்துவிட்டது என்று பொருள். ‘சாயங்காலம் மழை வரலாம்’ என்றால் வந்தாலும் வரும், வராவிட்டாலும் இல்லை. தமிழில் இரண்டுக்கும் ஒரே முடிவுதான். போர்டு முன்னால் நின்று படிப்பவர் தனக்குச் சாதகமானதைத்தான் எடுத்துக்கொள்வார். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

அந்த வரியில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. அனுமதிப்பது யார்? ‘அனுமதிக்கப்படலாம்’ என்ற செயப்பாட்டு வினை ஆளை மறைத்துவிடுகிறது. ஆங்கிலச் சுற்றறிக்கையில் வேறொரு பத்தியில் ‘ரிப்போர்ட்டிங் மேனேஜர்’ என்று சொல்லியிருப்பார்கள். படிப்பவர் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கமாட்டார். ஆகவே எந்த விதியை எழுதினாலும், முடிவெடுக்கும் ஆளை அந்த வாக்கியத்துக்குள்ளேயே கொண்டுவந்து எழுவாயாக நிறுத்துங்கள். உங்கள் வரியை நான் இப்படி எழுதுவேன்:

‘வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ வீட்டிலிருந்து வேலை செய்ய நீங்கள் அனுமதி கேட்கலாம். உங்கள் பிரிவு மேலாளர் அனுமதி கொடுத்தால் மட்டுமே அன்று வீட்டிலிருந்து வேலை செய்ய முடியும். அவர் மறுத்தால் அலுவலகத்துக்கு வர வேண்டும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் அனுமதி கிடையாது.’

ஒரு வரி நான்கு வரியானதே என்று யோசிக்க வேண்டாம். ‘லாம்’ இன்னும் இருக்கிறது, ஆனால் ‘கேட்கலாம்’ என்று கேட்பதோடு நின்றுவிட்டது. வீட்டில் இருப்பது ‘கொடுத்தால் மட்டுமே’ என்பதற்குள் போய்விட்டது. மறுத்தால் என்ன என்பதையும் சொல்லியாயிற்று. இனி இந்த வரியை வைத்துக்கொண்டு யாரும் உங்கள் மேஜைக்கு வரமாட்டார்கள்.

ஆறு பக்கத்துக்கும் இதே கண்ணோடு ஒருமுறை போய் வாருங்கள். ஆங்கில மூலத்தில் ‘ஷல்’, ‘மே’, ‘மஸ்ட்’, ‘என்டைட்டில்ட்’, ‘அட் தி டிஸ்கிரிஷன் ஆஃப்’ வருகிற இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டம் போடுங்கள். ஒவ்வொன்றும் நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். ஊழியரின் உரிமை என்றால் ‘உண்டு’. கடமை என்றால் ‘வேண்டும்’. தடை என்றால் ‘கூடாது’. அதிகாரியின் விருப்பம் என்றால் ‘இன்னார் அனுமதித்தால் மட்டும்’. முடிந்தவரை இந்த நான்கு முடிவுகளிலேயே விதியை எழுதுங்கள். முக்கியமாக, வெறும் ‘படும்’ வேண்டவே வேண்டாம். ‘விடுப்பு வழங்கப்படும்’ என்று எழுதினால் அது உறுதிமொழியா, நடைமுறை விளக்கமா என்று எழுதியவருக்கே தெரியாது.

இந்த வேறுபாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மகப்பேறு விதியைப் பாருங்கள். 1961-ம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தம் கொண்டுவந்தவற்றில் இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்வோம். தகுதியுள்ள பெண் ஊழியருக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு, உயிரோடு இரண்டு குழந்தைகள் ஏற்கெனவே இருந்தால் 12 வாரம். அதுவரை 12 வாரம்தான் இருந்தது. இரண்டாவது, அந்த விடுப்பு முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடம்கொடுத்தால், நிர்வாகமும் ஊழியரும் பேசி ஒத்துக்கொண்ட காலத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிப்பது. முதலாவது உரிமை, ‘உண்டு’ என்று முடிய வேண்டும். இரண்டாவது இருவரும் ஒத்துக்கொண்டால்தான். உங்கள் சுற்றறிக்கையில் இரண்டும் ஒரே பத்தியில் வந்திருந்தால், இரண்டையும் ‘வழங்கப்படும்’ என்றே போட்டிருப்பீர்கள். 26 வாரத்தை மேலாளர் தயவாகவும், வீட்டு வேலையை உரிமையாகவும் படிக்க அதில் இடமுண்டு. பிரித்து எழுதுங்கள். (‘வீட்டு வேலை’ என்று நான் இங்கே சொன்னதுபோல நீங்கள் சுற்றறிக்கையில் எழுதிவிடாதீர்கள். பாத்திரம் தேய்ப்பதாக அர்த்தமாகிவிடும். ‘வீட்டிலிருந்து வேலை’ என்பதே சரி.)

மேனேஜர் ‘தலையும் புரியல வாலும் புரியல’ என்கிறாரே, அதற்குப் பெரும்பாலும் காரணம் ‘அன்லெஸ்’ வருகிற வாக்கியங்கள்தான். ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடுவதால், பின்னால் எத்தனை நிபந்தனை தொங்கினாலும் படிப்பவர் தாங்கிக்கொள்வார். தமிழில் வினை கடைசியில்தான் வரும். நிபந்தனைகளை எல்லாம் முன்னால் அடுக்கினால், முடிவு வரும்போது தொடக்கம் மறந்துபோயிருக்கும். போதாக்குறைக்கு ‘அன்றி’, ‘ஒழிய’, ‘இல்லாதபட்சத்தில்’ என்று இரட்டை எதிர்மறையும் சேர்ந்துகொள்ளும். விடுப்பு விதிகளில் எல்லா நிறுவனங்களும் போடுகிற வரி ஒன்று உண்டு. அதை அப்படியே மாற்றினால் இப்படி வரும்:

‘விடுப்பு தொடங்குவதற்கு முன் போர்ட்டலில் உரிய அதிகாரியால் ஒப்புதல் அளிக்கப்பட்டாலன்றி எந்தவொரு விடுப்பும் அனுமதிக்கப்பட்டதாகக் கருதப்படமாட்டாது.’

இதை உடைக்கும் முறை எளிது. ஊழியர் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் சொல்லுங்கள். எது நடந்தால் வேலை முடிந்தது என்பதை அடுத்து. நடக்காவிட்டால் என்ன என்பதைக் கடைசியில்.

‘போர்ட்டலில் விண்ணப்பம் போட்டால் மட்டும் போதாது. லீவு தொடங்கும் முன் அங்கே Approved என்று வந்திருக்க வேண்டும். Pending என்று இருந்தால் அனுமதி கிடைக்கவில்லை என்று பொருள். அப்படி இருக்கும்போது வராமல் இருந்தால், அந்த நாளுக்குச் சம்பளம் கிடையாது.’

Approved, Pending என்ற சொற்களை ஆங்கிலத்திலேயே விட்டதைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் ஊழியர்கள் விண்ணப்பம் போடுகிற திரை ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ‘நிலுவையில் உள்ளது’ என்று நீங்கள் அழகாக எழுதிவிட்டால், அவர் திரையில் அதைத் தேடுவார். கிடைக்காது. பட்டன் பெயர், கட்டத்தின் பெயர், திரையில் வரும் நிலை எல்லாவற்றையும் திரையில் இருக்கிற எழுத்துக்களிலேயே வையுங்கள். பட்டன் Apply Leave என்று இருந்தால் அப்படியே எழுதுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து உட்பட.

அடுத்து நாள் கணக்கு. பணம் போகிற இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

‘குறைந்தது மூன்று வேலை நாட்கள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும்’ என்று எழுதிவிட்டால் முடிந்தது என்று தோன்றும். உங்கள் அலுவலகம் திங்கள் முதல் சனி வரை நடக்கிறது, ஞாயிறு விடுமுறை என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு வியாழக்கிழமை லீவு வேண்டும். விண்ணப்பம் போடுகிற நாளையும் சேர்த்து எண்ணினால் திங்கட்கிழமை போட்டால் போதும்: திங்கள், செவ்வாய், புதன். அந்த நாளைச் சேர்க்காமல், இடையில் முழுதாக மூன்று நாள் இருக்க வேண்டும் என்றால் சனிக்கிழமையே போட்டிருக்க வேண்டும். இரண்டு கணக்குமே நியாயமானதுதான். எது என்பதைத் தலைமை அலுவலகம்தான் சொல்ல வேண்டும், நீங்கள் ஊகிக்கக் கூடாது. பதில் வந்ததும், விதிக்குக் கீழேயே கிழமையோடு ஓர் எடுத்துக்காட்டு போடுங்கள். திங்கட்கிழமை கணக்குதான் என்று சொன்னால்: ‘வியாழக்கிழமை லீவு வேண்டுமானால் திங்கட்கிழமை மாலை 6 மணிக்குள் விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை லீவு வேண்டுமானால் நடுவில் ஞாயிறு வருவதால் முந்தின வெள்ளிக்கிழமையே போட்டுவிட வேண்டும்.’ இரண்டாவது எடுத்துக்காட்டு அவசியம். விடுமுறை நடுவில் வரும்போதுதான் ஆட்கள் தவறுகிறார்கள்.

‘மூன்று நாட்களுக்கு முன்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘மூணு நாளைக்கு முன்னாடி’ என்றால் நம் பேச்சில் கடந்துபோன நாள். அதோடு, சரியாக மூன்றாவது நாள்தான் போட வேண்டுமா, ஒரு மாதம் முன்பே போடலாமா என்ற சந்தேகமும் வரும். ‘குறைந்தது’ என்ற சொல் இருந்தே ஆக வேண்டும்.

மருத்துவச் சான்றிதழ் விதியிலும் இதே கதை. ‘இரண்டு நாட்களுக்கு மேல்’ என்பதில் இரண்டாம் நாள் உள்ளே வருமா என்று அக்கவுண்ட்ஸுக்கும் ஊழியருக்கும் ஒவ்வொரு மாதமும் வாக்குவாதம் நடக்கும். ‘மூன்றாவது நாளும் வராமல் இருந்தால், பதிவு பெற்ற மருத்துவரின் சான்றிதழ் கொடுக்க வேண்டும்’ என்று எண்ணை ஒன்று கூட்டி எழுதிவிட்டால் வாக்குவாதத்துக்கு வேலை இல்லை.

இனி எல்லோரும் தடுக்கி விழுகிற இடம்: இடையில் வரும் விடுமுறை. உங்கள் சுற்றறிக்கையில் அந்த விதி இருந்தால், நீங்கள் ‘இடைப்பட்ட விடுமுறை நாட்களும் விடுப்பாகக் கருதப்படும்’ என்று எழுதியிருப்பீர்கள். எழுத்தில் விடுமுறை வேறு, விடுப்பு வேறு. அலுவலகமே மூடியிருந்தால் விடுமுறை, அலுவலகம் நடக்கும்போது ஒருவர் மட்டும் வராவிட்டால் விடுப்பு. ஆனால் பேச்சில் இரண்டுமே ‘லீவு’தான். போர்டைப் படிக்கிறவர் மனதுக்குள் இரண்டையும் லீவு என்றே மாற்றிக்கொள்வார், ‘லீவும் லீவாகக் கருதப்படும்’ என்று ஆகிவிடும். சிரிப்பு வந்தாலும் சம்பளத்தில் கை வைக்கிற விஷயம். ஆகவே முதல் பக்கத்திலேயே இரண்டு வரியில் வேறுபாட்டைச் சொல்லிவிட்டு, விதியைக் கணக்காகவே எழுதுங்கள்:

‘சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் லீவு எடுத்தால், நடுவில் வரும் ஞாயிறும் சேர்ந்து மூன்று நாளாகக் கணக்கிடுவோம். உங்கள் கணக்கில் இரண்டு நாள் மட்டுமே மீதி இருந்தால், மூன்றாவது நாளுக்குச் சம்பளம் கிடையாது. சனிக்கிழமை மட்டும் லீவு எடுத்து, திங்கட்கிழமை வந்துவிட்டால் ஞாயிறு சேராது.’

இதை எழுதும் முன் மூன்று கேள்விகளைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். இந்தக் கணக்கு எல்லா வகை லீவுக்கும் உண்டா, சிலவற்றுக்கு மட்டும்தானா? சனிக்கிழமை அரை நாள் மட்டும் எடுத்தால் என்ன? நடுவில் வருவது வார விடுமுறையாக இல்லாமல் பொங்கல் போன்ற பண்டிகை விடுமுறையாக இருந்தால் என்ன? ஆங்கில மூலத்தில் பதில் இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பில் அதை நீங்கள் உருவாக்கக் கூடாது. மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தகராறு வந்தால் உங்களைக் காப்பாற்றுவது அந்தக் கோப்புதான்.

‘ஆண்டு’ என்ற சொல்லுக்கும் இதே கேள்வி. ஜனவரி முதல் டிசம்பர் வரையா, ஏப்ரல் முதல் மார்ச் வரையா? டிசம்பரில் மிச்ச லீவு செத்துப்போகுமா, மார்ச்சிலா? ‘காலாவதியாகும்’ என்று எழுதுவதைவிட, ‘மார்ச் 31-க்குள் எடுக்காத லீவு அடுத்த ஆண்டுக்குச் சேராது, அதற்குப் பணமும் கிடையாது’ என்று தேதியோடு எழுதுவது மேல். தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 05/06 என்று இருந்தால் நாம் ஜூன் ஐந்து என்று படிப்போம், அமெரிக்க முறையில் பழகியவர் மே ஆறு என்று எழுதியிருப்பார்.

வீட்டிலிருந்து வேலை செய்யும் பகுதியில் ஒரு விதியை மட்டும் முழுதாகப் பார்ப்போம், மற்றதை அதே வழியில் நீங்களே செய்துவிடுவீர்கள். இந்த மாதிரிச் சுற்றறிக்கைகளில் வழக்கமாக வருகிற ஒன்று: மின்சாரமோ இணையமோ ஒரு மணி நேரத்துக்கு மேல் இல்லாவிட்டால் ஊழியர் ‘ஷல் ரிப்போர்ட் டு தி ஆஃபீஸ்’, அல்லது அரை நாள் லீவு போட வேண்டும். இதைப் பலர் ‘அலுவலகத்திற்கு அறிக்கை அளிக்க வேண்டும்’ என்று எழுதிவிடுகிறார்கள். படித்த ஊழியர் மேலாளருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார். நிர்வாகம் எதிர்பார்த்ததோ ஆளை. இங்கே ரிப்போர்ட் என்றால் நேரில் வந்து சேர வேண்டும் என்றுதான் பொருள். ‘அலுவலகத்துக்கு வந்து வேலையைத் தொடர வேண்டும்’ என்று எழுத வேண்டும்.

அடுத்த கேள்வி, எந்த ஒரு மணி நேரம்? தொடர்ச்சியாக ஒரு மணியா, விட்டு விட்டுப் போனதெல்லாம் கூட்டியா? நம் பக்கத்தில் இது வெறும் வாதம் அல்ல. மின்வாரியம் பராமரிப்புக்காக அறிவித்துவிட்டு நிறுத்தும்போது, பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை போகும். அது முன்கூட்டியே தெரிகிற மின்தடை. அந்த நாளில் வீட்டிலிருந்து வேலை கேட்பதே சரியா? திடீரென்று போவதற்கும் இதற்கும் ஒரே விதியா? மும்பையில் உட்கார்ந்து எழுதியவர் இதை யோசித்திருக்கமாட்டார். அதேபோல வடகிழக்குப் பருவமழையில் புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை தெருக்களில் தண்ணீர் நிற்கும்போது ‘அலுவலகத்துக்கு வந்து தொடர வேண்டும்’ என்ற வரி யாருக்கும் உதவாது. அந்த நாட்களுக்குத் தனி ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் இல்லை என்றே விட்டுவிடுங்கள். ஆனால் கேட்டிருக்க வேண்டும்.

பதில்கள் வந்த பிறகு விதி இப்படி நிற்கும்:

‘வீட்டிலிருந்து வேலை செய்யும்போது மின்சாரமோ இணையமோ நின்றுபோனால், உடனே உங்கள் மேலாளருக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வராவிட்டால், கிளம்பி அலுவலகத்துக்கு வந்து வேலையைத் தொடர வேண்டும். வர முடியாவிட்டால் அன்றைக்கு அரை நாள் லீவு போட வேண்டும். மின்வாரியம் உங்கள் பகுதிக்கு மின்தடை அறிவித்திருக்கும் நாளில் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்கக் கூடாது.’

கடைசி வரி தலைமை அலுவலகம் ஒத்துக்கொண்டால் மட்டும். மொழிபெயர்ப்பவர் புது விதி போட முடியாது.

‘யாருக்கு’ என்ற கேள்விக்கும் ஆங்கிலத்தில் பொத்தாம்பொதுவாகத்தான் இருக்கும், ‘தொலைவிலிருந்து ஆற்றக்கூடிய பணிகள்’ என்பதுபோல. உங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு பதவி கிடையாது. டாக்குமென்டேஷன், பில்லிங், அக்கவுண்ட்ஸ் என்று பிரிவுப் பெயரையே போடுங்கள். துறைமுக கேட்டுக்கும் கன்டெய்னர் யார்டுக்கும் போகிற களப் பணியாளர்கள், கேஷ் கவுண்டரில் இருப்பவர்கள் இதில் வரமாட்டார்கள் என்றால் அதையும் பெயர் சொல்லி எழுதுங்கள். நம்பவைத்து ஏமாற்றியதாக அவர்கள் நினைப்பதைவிட, முதல் வரியிலேயே தெரிந்துகொள்வது நல்லது. பட்டியலை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

லீவுகளின் பெயர்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசு அலுவலகத் தமிழில் தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு, ஈடுசெய் விடுப்பு என்று நன்றாகவே இருக்கிறது. ஆனால் தனியார் அலுவலகத்தில் ‘எனக்கு ரெண்டு தற்செயல் பாக்கி இருக்கு’ என்று யாரும் பேசுவதில்லை. சி.எல்., பி.எல்., காம்ப் ஆஃப் என்றுதான் பேசுகிறார்கள், சம்பளச் சீட்டிலும் CL, PL, LOP என்றுதான் வருகிறது. முதல் பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை போட்டு, திரையில் வரும் எழுத்து, தமிழ்ப் பெயர், ஒரு வரி விளக்கம் என்று கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஆறு பக்கத்திலும் சி.எல். என்றே எழுதுங்கள். ஒரு பக்கத்தில் தற்செயல் விடுப்பு, அடுத்த பக்கத்தில் சாதாரண விடுப்பு, இன்னொன்றில் சி.எல். என்று மாறி மாறி வந்தால், மூன்று வகை லீவு இருப்பதாகவே நினைப்பார்கள். பள்ளிக்கூடத்துக் கட்டுரையில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதே என்பார்கள். இங்கே அதற்கு நேர் எதிர்.

மொழிபெயர்க்கும்போது எண்களைச் சட்டத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்ல பழக்கம். 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 25-வது பிரிவில், 12 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடுத்த 12 மாதத்தில் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு உண்டு, அதை 24 நாள் வரை சேர்த்துவைக்கலாம். அது தவிர நோய்க்கு 12 நாள், நியாயமான காரணத்துக்குத் தற்செயலாக 12 நாள், இவை முதல் ஆண்டிலேயே உண்டு. மும்பையில் எழுதிய சுற்றறிக்கை மகாராஷ்டிர விதிகளை மனதில் வைத்து எழுதியதாக இருக்கலாம். சி.எல்.லும் நோய் லீவும் சேர்த்தே 12 நாள் என்பதுபோல ஏதாவது கண்ணில் பட்டால், தமிழில் நீங்களாகத் திருத்திவிடாதீர்கள். மூலத்தில் உள்ளதை உள்ளபடி வைத்துக்கொண்டு, போர்டில் ஒட்டும் முன் மேனேஜருக்குக் குறிப்பு எழுதுங்கள். திருத்த வேண்டியது ஆங்கிலப் பிரதி. அது திருந்தினால் தமிழ் தானாகத் திருந்தும்.

எழுதி முடித்ததும் யாரிடமாவது கொடுத்து ‘புரியுதா?’ என்று கேட்காதீர்கள். புரியுது மேடம் என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதில், சுற்றறிக்கையைக் கையில் கொடுத்து, பார்த்துப் பதில் சொல்லச் சொல்லிக் கேள்வி கேளுங்கள். ‘அடுத்த செவ்வாய் லீவு வேணும்னா கடைசியா எப்போ போடணும்?’ ‘சனி, திங்கள் லீவு எடுத்தா எத்தனை நாள் போகும்?’ ‘போட்டாச்சு, மேனேஜர் இன்னும் பார்க்கல, நாளைக்கு வீட்ல இருக்கலாமா?’ ‘காலைல பதினொரு மணிக்கு கரண்ட் போச்சு, பன்னிரண்டரை வரைக்கும் வரல, என்ன செய்வீங்க?’ களத்துக்குப் போகிற ஒருவர், அக்கவுண்ட்ஸில் ஒருவர், புதிதாகச் சேர்ந்த ஒருவர் என்று மூன்று பேர் போதும். மூவரில் ஒருவர் வேறு பதில் சொன்னாலும் குறை வாக்கியத்தில் இருக்கிறது. நீங்கள் வாயால் விளக்கத் தொடங்கினீர்கள் என்றால், அந்த விளக்கத்தையே எழுதிவிடுங்கள். பெரும்பாலும் அதுதான் சரியான தமிழாக இருக்கும்.

தட்டச்சு பற்றி ஒரு வார்த்தை. பாரிமுனைப் பக்கம் டி.டி.பி. கடையில் கொடுத்தால் இன்னும் சிலர் பழைய எழுத்துருக்களில்தான் அடித்துத் தருவார்கள். காகிதத்தில் அழகாக இருக்கும், அதே கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கிறுக்கலாக வரும். யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள், பி.டி.எஃப். ஆக்கிய பிறகு உங்கள் செல்போனில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

சுற்றறிக்கையின் கடைசியில் ‘தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் வேறுபாடு இருந்தால் ஆங்கிலப் பிரதியே செல்லும்’ என்று ஒரு வரி போடச் சொல்வார்கள். போடுங்கள், வழக்கம்தான். ஆனால் ஆங்கிலப் பிரதி எங்கே இருக்கிறது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்பதையும் அதே இடத்தில் எழுதுங்கள்.

இப்போது ஒட்டியிருக்கும் தாளைச் சத்தமில்லாமல் மாற்றிவிடாதீர்கள். புதிய பிரதியின் தலையில் தேதியும் ‘திருத்திய பிரதி, முந்தைய தமிழ்ப் பிரதி செல்லாது’ என்பதும் இருக்கட்டும், எந்தெந்தப் பத்திகள் மாறின என்பதையும் எண் போட்டுச் சொல்லுங்கள். பழைய தாளில் ஒரு நகலைக் கோப்பில் வையுங்கள். அந்த மூன்று பேர் விஷயத்தில், மேனேஜர் கையெழுத்தோடு ஒரு குறிப்பு தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும்: நிர்வாகமே ஒட்டிய தமிழ் அறிவிப்பைப் படித்து நடந்தவர்கள், அந்த நாட்களில் வீட்டிலிருந்து வேலை பார்த்ததற்கு மின்னஞ்சல்களும் அனுப்பிய கோப்புகளும் இருக்கின்றன, ஆகவே எல்.ஓ.பி.யை நீக்கி, அனுமதி பெற்ற நாட்களாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளக் கேட்கிறோம் என்று. சம்பளக் கணக்கு மூடும் தேதிக்கு முன் அனுப்பிவிட்டால், இந்த மாதச் சம்பளத்திலேயே சரிசெய்துவிடலாம். தாண்டிவிட்டால் அடுத்த மாதம் நிலுவையாகத்தான் வரும், அதையும் அவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.